படத்தில் ஒட்டிப் பார்க்கும் டைல்ஸ்

டைல்ஸ் கடையில் ஒரு சதுரத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துக் காட்டுவார்கள். மேலே பளீரென்று எல்.இ.டி. விளக்கு எரியும். இரண்டுக்கு இரண்டடித் துண்டு ஒன்றைப் பார்த்து, அதுவே ஹால் முழுக்கப் பரவினால் எப்படி இருக்கும் என்று வாங்க வந்தவர் மனத்திலேயே கற்பனை செய்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து ஒட்டி முடித்த பிறகு, ‘கடையில் பார்த்த நிறம் இது இல்லையே’ என்று தோன்றினால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பெயர்த்தால் டைல்ஸ் உடைந்துதான் வரும்.

ஹாலைப் போனில் படம் எடுத்து, அந்தப் படத்தின் தரையில் புது டைல்ஸை ஒட்டிப் பார்ப்பது இதற்கு நல்ல வழி. டைல்ஸ் நிறுவனங்கள் சிலவற்றின் இணையதளங்களிலேயே இந்த வசதி இருக்கிறது. படத்தைக் கொடுத்தால் தரை மாறிவிடும். ஆனால் அறையின் அளவு அந்த மென்பொருளுக்குத் தெரியாது. அதனால் இரண்டடி டைல்ஸ் படத்தில் மூன்றடியாகத் தெரியலாம். ஜன்னல் வெளிச்சமும் சோஃபாவின் நிழலும் காணாமல் போய், தரை தனியாக மிதப்பதுபோல் இருக்கும். அளவும் வெளிச்சமும் நம்பும்படி அமைய வேண்டுமானால் கையால் செய்வதே மேல். கணினியும் ‘ஜிம்ப்’ என்ற இலவச மென்பொருளும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஓர் ஹாலை எடுத்துக்கொள்வோம். அகலம் 12 அடி, நீளம் 16 அடி. பழைய ரெட் ஆக்சைடு தரை. எதிர்ச்சுவரில் ஒரு ஜன்னல், பக்கத்தில் ஒரு சோஃபா. இந்தத் தரையில் தந்த நிற விட்ரிஃபைட் டைல்ஸ், இரண்டுக்கு இரண்டு, போடலாமா என்பது கேள்வி.

வேலை கணினியில் தொடங்குவதில்லை, தரையில் தொடங்குகிறது. ஒரு மாஸ்கிங் டேப் சுருளும் அளவு டேப்பும் வேண்டும். தரையில் 6 அடி அகலம், 8 அடி நீளத்துக்கு ஒரு செவ்வகத்தை டேப்பால் ஒட்ட வேண்டும். எதிர்ச்சுவரிலிருந்து 2 அடி தள்ளி அது தொடங்கட்டும். இரு பக்கச் சுவர்களிலிருந்தும் 3 அடி இடைவெளி இருக்கட்டும். மூலைக்கு மூலை அளந்தால் சரியாக 10 அடி வர வேண்டும். கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கும் அதே 3-4-5 கணக்கின் இரட்டிப்புதான் இந்த 6-8-10. பத்தடிக்கு ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் செவ்வகம் கோணியிருக்கிறது என்று பொருள். திருத்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும். செவ்வகத்துக்குள், ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில், ஒரு வெள்ளை ஏ4 தாளையும் வைத்துவிட வேண்டும். அந்தத் தாளின் வேலை பின்னால் வரும்.

போனை எதிர்ப்பக்க வாசலில் ஸ்டாண்டில், ஏறக்குறைய 4 அடி உயரத்தில் நிறுத்தி, தரை நன்றாகத் தெரியும்படி சற்றுக் கீழே சாய்க்கலாம். லென்ஸ் 1x-இல் இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று 0.5x-க்குப் போனால் ஓரங்கள் இழுபட்டு, நேர்கோடுகள் வளையும் வாய்ப்பு அதிகம். வளைந்த தரையில் எந்தக் கட்டமும் பொருந்தாது. அறை விளக்குகளை அணைத்து, பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுக்க வேண்டும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு ஒரு படம். பிறகு ஸ்டாண்டை அசைக்காமல் டேப்பையும் தாளையும் எடுத்துவிட்டு இன்னொரு படம். முதல் படம் அளவுக்கு. இரண்டாவது படம் வேலைக்கு. இப்படி இரண்டு எடுத்துவிட்டால் பின்னால் டேப்பை அழிக்கும் தொல்லை இல்லை.

அடுத்தது டைல்ஸ் விரிப்பு. தரையை நேர் மேலே, கூரையிலிருந்து பார்ப்பதுபோல ஒரு படம் தயாரிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு பிக்சல் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. 12 அடி என்பது 3658 மி.மீ., 16 அடி என்பது 4877 மி.மீ. ஆகவே 3658-க்கு 4877 பிக்சல் அளவில் ஒரு வெற்றுப் படம். மேல் விளிம்பு எதிர்ச்சுவர். இதில்தான் டைல்ஸை அடுக்கப் போகிறோம்.

இங்கேதான் ஒரு விஷயம் பலருக்கும் முதல்முறையாகத் தெரியவரும். கடையில் ‘டூ பை டூ’ என்று விற்கும் டைல்ஸ் இரண்டடி இல்லை. அது 600 மி.மீ.; இரண்டடி என்றால் 610 மி.மீ. டைல்ஸுக்கு இடையே ஸ்பேசர் வைத்து 2 மி.மீ. இடைவெளி விட்டால், ஒரு டைல்ஸ் 602 மி.மீ. இடத்தைப் பிடிக்கும். 12 அடி அகலத்துக்கு ஆறு டைல்ஸ் சரியாக வந்துவிடும் என்று நினைப்போம். வருவதில்லை. ஆறு போட்டால் 3612. மிச்சம் 46 மி.மீ. சுவரோரம் இரண்டு விரல் அகலத்தில் ஒரு கீற்று வரும். அதை வெட்டுவதும் கடினம், பார்க்கவும் நன்றாக இராது. அனுபவமுள்ள மேஸ்திரி ஆறு போட மாட்டார். நடுவில் ஐந்து முழு டைல்ஸ் போட்டு, மிச்சமுள்ள 648 மி.மீ.-ஐ இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் 324 மி.மீ. வெட்டு டைல்ஸ் வைப்பார். பாதி டைல்ஸுக்குக் குறையாத துண்டு கண்ணுக்கு உறுத்தாது. நீளத்திலும் அப்படியே: ஏழு முழு டைல்ஸ், இரு முனையிலும் 331 மி.மீ. துண்டு. விரிப்பையும் மேஸ்திரி போடப்போகும் அதே கணக்கில்தான் அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் பார்ப்பது ஒன்று, தரையில் வருவது வேறொன்று.

நிறுவனத்தின் கேட்டலாக்கில் உள்ள டைல்ஸ் படத்தை 600 பிக்சலுக்குச் சுருக்கி அடுக்கலாம். ஒரே படத்தை நாற்பது முறை ஒட்டினால், அதே நரம்புக் கோடு அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தெரிந்து வால்பேப்பர் போல ஆகிவிடும். விட்ரிஃபைட் டைல்ஸில் ஒரே டிசைனுக்குப் பல முகங்கள் அச்சாகும். கேட்டலாக்கில் அவை இருந்தால் கலந்து போட வேண்டும். ஒன்றுதான் கிடைத்தது என்றால் சிலவற்றைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாலும் போதும். அடுக்கி முடித்ததும், தரையில் டேப் ஒட்டிய அதே செவ்வகத்தை விரிப்பிலும் சிவப்புக் கோட்டால் வரைந்துகொள்ள வேண்டும்: மேலிருந்து 610 பிக்சல் தள்ளி, பக்கங்களிலிருந்து 914 பிக்சல் தள்ளி, 1829-க்கு 2438 அளவில்.

இனி விரிப்பைத் தரையில் படுக்க வைக்க வேண்டும். பலர் தடுமாறும் இடம் இதுதான். விரிப்பை மேலே குறுக்கி, கீழே அகட்டி, கண்ணளவில் ஒரு சரிவு கொடுப்பார்கள். டைல்ஸ் வரிசைகளையும் தோராயமாக ஒரே விகிதத்தில் சிறிதாக்கிக்கொண்டு போவார்கள். ஏதோ ஒட்டவில்லை என்று தெரியும். எது என்று தெரியாது.

கணக்கைப் பார்த்தால் தெரியும். கேமராவை நேராகப் பிடித்து எடுத்த படத்தில், 6 அடி தூரத்திலிருந்து 16 அடி தூரம்வரை இரண்டடிக்கு ஒரு கோடு போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வரிசை படத்தில் 60 மி.மீ. உயரம் தெரிந்தால், அடுத்தது 36, பிறகு 24, 17, 13. முதல் வரிசையிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது உயரம் அறுபது சதவீதமாகக் குறைகிறது. கடைசியில் எழுபத்தைந்து சதவீதமாகத்தான் குறைகிறது. அருகில் சட்டென்று குறுகும் வரிசை, தூரம் போகப்போக மெதுவாகக் குறுகுகிறது. ஒரே விகிதம் எங்கும் இல்லை.

இந்தத் தவறு அறுநூறு ஆண்டுப் பழையது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்தி 1435-இல் ஓவியக்கலை பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் காலத்து ஓவியர்கள் சிலர் கட்டம்போட்ட தரையை வரையும்போது, ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசையில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டே போனார்கள். அது தவறு என்று அவர் எடுத்துக்காட்டினார். சரியா தவறா என்று பார்க்க ஒரு சோதனையும் சொன்னார்: ஒரு கட்டத்தின் மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோடு இழுத்து அப்படியே நீட்டுங்கள், அடுத்தடுத்த கட்டங்களின் மூலைகள் வழியாகவும் அதே நேர்கோடு போனால் தரை சரி. கண்ணளவில் குறுக்கிய தரையில் அந்தக் கோடு மூலைகளை விட்டு விலகிவிடும். கணினித் திரையில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தே இன்றும் இதைச் சோதிக்கலாம்.

ஜிம்ப் இந்தக் கணக்கைத் தானே போட்டுவிடும். அதற்குத் தேவை நான்கு புள்ளிகள் மட்டும். முதல் படத்தைத் திறந்து, அதன்மேல் விரிப்பைத் தனி லேயராக வைக்க வேண்டும். கேமராவுக்கு மிக அருகில் உள்ள இரண்டடியை விரிப்பின் அடியிலிருந்து வெட்டிவிடலாம். அது படத்தில் விழப்போவதில்லை, விட்டுவைத்தால் கீழே கண்டபடி இழுபடும். பிறகு `Handle Transform` கருவி. விரிப்பில் உள்ள சிவப்புச் செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முறை சொடுக்கினால் நான்கு கைப்பிடிகள் விழும். ஒவ்வொன்றையும் இழுத்துப் படத்தில் தெரியும் டேப் மூலையின் மேல் வைக்க வேண்டும். நான்காவது கைப்பிடி தன் இடத்தில் உட்காரும்போது விரிப்பு முழுவதும் தரையோடு படுத்துவிடும். `Interpolation` என்ற இடத்தில் `LoHalo` என்று வைத்தால் தூரத்து டைல்ஸ் கோடுகள் பல்பல்லாக உடையாமல் மெல்லக் கரையும்.

சரியாக உட்கார்ந்ததா என்பதைச் சுவர் சொல்லும். விரிப்பின் மேல் விளிம்பு எதிர்ச்சுவரின் அடிக்கோட்டில் படிய வேண்டும். பக்க விளிம்புகள் பக்கச் சுவர்களின் அடியோடு ஓட வேண்டும். நாம் டேப்பின் மூலைகளை மட்டும்தான் பொருத்தினோம். சுவர்களைத் தொடவே இல்லை. தொடாத சுவரும் தானாகப் பொருந்தினால் அளவு சரி என்று நம்பலாம். விளிம்பு சுவருக்குள் ஏறினாலோ இடைவெளி விட்டாலோ ஏதோ ஒரு கைப்பிடி விலகியிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி மூலைகளை மறுபடி பார்க்க வேண்டும். எங்குமே பொருந்தவில்லை என்றால் டேப் ஒட்டிய அளவில்தான் பிழை.

பொருந்திய பிறகு சிவப்புக் கோட்டை மறைத்து, அடியில் இருக்கும் முதல் படத்துக்குப் பதில் டேப் இல்லாத இரண்டாவது படத்தை வைத்துவிடலாம். சோஃபாவின் கால், கதவு நிலை, தரையில் நிற்கும் எல்லாப் பொருளும் டைல்ஸுக்கு மேலே தெரியும்படி லேயர் மாஸ்க்கில் அவற்றை வெட்டி எடுக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் புரியாத வேலை இல்லை. மாஸ்க்கின் விளிம்பு ஒரு பிக்சல் மென்மையாக இருந்தால் கத்தரித்து ஒட்டியதுபோல் தெரியாது.

இந்த நிலையில் படத்தைப் பார்த்தால் கட்டங்கள் சரியாக இருக்கும். தரை மட்டும் பொய்யாக இருக்கும். சோஃபாவுக்கு அடியிலும் ஜன்னல் ஓரத்திலும் டைல்ஸ் ஒரே வெளிச்சத்தில் மின்னும். அந்த அறையின் வெளிச்சம் பழைய தரையின் மேல்தான் பதிந்திருக்கிறது. எங்கே பிரகாசம், எங்கே மங்கல், எங்கே நிழல் என்ற முழு விவரமும் அந்த ரெட் ஆக்சைடில் இருக்கிறது. அதை உரித்தெடுத்துப் புது டைல்ஸுக்கு மேல் போர்த்த வேண்டும்.

இரண்டாவது படத்தை இன்னொரு பிரதி எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, `Desaturate` கொடுத்து நிறத்தை நீக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் தரையின் சிவப்பு டைல்ஸில் ஏறித் தந்த நிறம் ரோஜா நிறமாகிவிடும். பிறகு அந்த லேயரின் `Mode` என்ற இடத்தில் `Multiply`. இப்போது கீழே உள்ள டைல்ஸின் ஒவ்வொரு புள்ளியும் மேலே உள்ள வெளிச்சத்தால் பெருக்கப்படுகிறது. தரையின் மாஸ்க்கையே இதற்கும் போட வேண்டும். இல்லையேல் சுவரும் சோஃபாவும் சேர்ந்து கருக்கும்.

போட்டதும் தரை முழுக்க இருண்டுபோகும். காரணம் எளிது. படத்தில் வெளிச்சம் 0 முதல் 255 வரை எண்ணப்படுகிறது. ரெட் ஆக்சைடு இயல்பிலேயே கருமையான தரை; நல்ல வெளிச்சம் விழும் இடத்திலேயே அது 120 என்றும், சோஃபாவுக்கு அடியில் 60 என்றும் இருப்பதாகக் கொள்வோம். டைல்ஸின் நிறம் 220. அப்படியே பெருக்கினால் 220-இல் 120/255 பங்கு, அதாவது ஏறக்குறைய 103 தான் கிடைக்கும். பழைய தரையின் கருமையும் சேர்ந்து வந்துவிட்டது. நமக்கு வேண்டியது கருமை இல்லை; வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள விகிதம் மட்டும். ஆகவே மேல் லேயருக்கு `Levels` கொடுத்து, மேலே உள்ள பட்டையின் வெள்ளை முக்கோணத்தை 120-க்கு இழுக்க வேண்டும். 120 என்பது 255 ஆகும், 60 என்பது 127 ஆகும். இப்போது வெளிச்சத்தில் டைல்ஸ் 220 ஆகவே நிற்கும். சோஃபாவுக்கு அடியில் 110 ஆகும். பாதிக்குப் பாதி என்ற நிழல் அப்படியே காப்பாற்றப்பட்டுவிட்டது.

எந்த இடத்தை ‘நல்ல வெளிச்சம்’ என்று கொள்வது? ஜன்னல் பிரதிபலித்துப் பளபளக்கும் திட்டை எடுக்கக் கூடாது. அது மெருகின் பளபளப்பு, தரையின் வெளிச்சம் இல்லை. அதற்குப் பக்கத்தில், பளபளப்பு இல்லாத இடத்தை எடுக்க வேண்டும்.

இங்கேதான் ஏ4 தாள் வருகிறது. முதல் படத்தில் நிறம் எடுக்கும் கருவியால் அந்தத் தாளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 235-ஐ ஒட்டி இருந்தால், தந்த நிற டைல்ஸ் அதே இடத்தில் அதைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது நியாயம். டைல்ஸ் தாளைவிட வெளுப்பாகத் தெரிந்தால் அது நடக்காத காரியம், குறைக்க வேண்டும். தாளில் சிவப்பு 235, நீலம் 205 என்று வந்தால் அறை வெளிச்சத்தில் மஞ்சள் ஏறியிருக்கிறது என்று பொருள். வெள்ளைத் தாளே மஞ்சளாகத் தெரியும் அறையில் டைல்ஸ் மட்டும் கேட்டலாக்கின் தூய நிறத்தில் இருக்க முடியாது. `Color Balance`-இல் டைல்ஸ் லேயரையும் அதே அளவு மஞ்சள் பக்கம் தள்ள வேண்டும். கடை விளக்கில் பார்த்த தந்த நிறம் வீட்டில் மாறித் தெரிவதன் காரணத்தை இந்த ஒரு தாளிலேயே பார்த்துவிடலாம்.

தரை வழவழவென்று ஒரே நிறத்தில் இருந்தால் இதோடு முடிந்தது. பழைய தரை மொசைக்காகவோ கோடு தெரியும் டைல்ஸாகவோ இருந்தால், அந்தப் புள்ளிகளும் கோடுகளும் புது டைல்ஸுக்குள் பேய்போல் எட்டிப் பார்க்கும். மேல் லேயருக்கு `Median Blur` கொடுத்தால் சிறு புள்ளிகள் கரைந்துவிடும், பெரிய நிழல்கள் தங்கிவிடும். ஆனால் சோஃபா கால் தரையைத் தொடும் இடத்தின் மெல்லிய கருநிழலும் அதோடு கரையக்கூடும். அந்த நிழல் போனால் சோஃபா அந்தரத்தில் நிற்கும். கால்களைச் சுற்றி மட்டும் மங்கலாக்காத நிழலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், அல்லது மென்மையான தூரிகையால் தொட்டு வைக்க வேண்டும்.

பளபளப்பைப் பற்றி ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். வாங்கப்போவது மேட் ஃபினிஷ் என்றால், ரெட் ஆக்சைடின் ஜன்னல் பளபளப்பு மேல் லேயரில் இருக்கக் கூடாது. குளோனிங் செய்து அழித்துவிட வேண்டும். கிளாஸி என்றால் புது பிரதிபலிப்பு சேர்க்க வேண்டும். எதிர்ச்சுவர் ஜன்னலைப் பிரதி எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, அது சுவரடியிலிருந்து மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ ஏறக்குறைய அதே அளவு கீழே வைத்து, மங்கலாக்கி, ஐந்தில் ஒரு பங்கு தெரியும்படி விட்டால் போதும். சுவரோரம் கொஞ்சம் பலமாகவும் காலடியில் மெலிந்தும் இருக்க வேண்டும். சாய்வாகப் பார்க்கும் தரைதான் அதிகம் பிரதிபலிக்கும்.

ஒரு விரிப்பு தயாராகிவிட்டால் அடுத்ததைப் பார்ப்பது சுலபம். வெளிச்ச லேயரும் மாஸ்க்கும் மாறுவதில்லை. விரிப்பு மட்டும் மாறுகிறது. இதே ஹாலுக்கு ஆத்தங்குடி கல் பார்க்கலாம். செட்டிநாட்டில் கண்ணாடியின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றிக் கையால் செய்யும் அந்தக் கற்களில் எட்டுக்கு எட்டு அங்குலம் ஓர் அளவு. 12 அடிக்குச் சரியாகப் பதினெட்டு, 16 அடிக்குச் சரியாக இருபத்துநான்கு. அங்குலத்தில் செய்த கல் அடியில் கட்டிய அறைக்கு வெட்டுத் துண்டில்லாமல் உட்காரும். கைவேலை என்பதால் ஒன்றிரண்டு மி.மீ. ஏறி இறங்கும், அவ்வளவே. ஆனால் பூ வேலைப்பாடு நிறைந்த கல் பன்னிரண்டடி ஹாலில் நெருக்கடியாகத் தெரிகிறதா, நடுவில் பூவும் ஓரத்தில் பார்டரும் போட்டால் அடங்குகிறதா என்பதைப் படத்தில் பார்த்தால்தான் தெரியும்.

படத்தால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. சிவந்த கருந்தரை போய் வெளிர்தரை வந்தால் அது ஜன்னல் வெளிச்சத்தை மேலே எறியும். சுவரும் கூரையும் சோஃபாவின் அடிப்பக்கமும் தெளியும். கருந்தரை போட்டால் அறை முழுவதும் ஒரு படி இறங்கும். நாம் தரையை மட்டும்தான் மாற்றினோம். படத்தின் சுவரில் இன்னும் பழைய தரையின் வெளிச்சம்தான் இருக்கிறது. ஆகவே வெளிர் டைல்ஸ் போட்ட ஹால் நேரில் படத்தைவிடப் பிரகாசமாகவே இருக்கும். கரும் டைல்ஸ் போட்டது படத்தைவிட இருட்டாக இருக்கும். கரும் டைல்ஸைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படம் பிடித்துப்போனால் உடனே பெட்டிக்கணக்கில் ஆர்டர் கொடுத்துவிட வேண்டாம். கடையில் ஒரே ஒரு டைல்ஸ் வாங்கி வாருங்கள். அன்று தாள் வைத்த அதே இடத்தில் தரையில் போட்டு, அன்று போன் நின்ற அதே இடத்திலிருந்து, அதே நேரத்தில் ஒரு படம் எடுங்கள். உங்கள் படத்துத் தரையையும் அந்த ஒற்றை டைல்ஸையும் திரையில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மேஸ்திரிக்குச் சொல்லியனுப்பலாம்.